பாளையங்கோட்டை வீட்டு நாஸ், சிங்கப்பூர் அக்கா வீடு: எந்த வழில இணைக்கலாம்?

போன மாசம் மட்டும் மூணு பேரு எங்கிட்ட ஒரே கேள்விய கேட்டுட்டாங்க. ஊர்ல ஒரு வீடு, வெளிநாட்டுல ஒரு வீடு, ரெண்டுல ஏதோ ஒண்ணுல ஒரு நாஸ் டிரைவ், அதாவது வீட்டு ரவுட்டர்ல மாட்டி எல்லாரும் பங்கு போட்டுப் பாக்குத ஹார்ட் டிஸ்க் பொட்டி இருக்கு, குடும்பத்து போட்டோ, கல்யாண வீடியோ, கோயில் கொடை வீடியோ, பட்டா பத்திரம் ஸ்கேன் பண்ணது எல்லாம் அதுல கெடக்கு, அத ரெண்டு வீட்டு ஆளுங்க மட்டும் பாக்கணும், வெளியாளு கண்ணுல படக் கூடாது, எந்த வழில போகட்டும்னு. மூணு பேருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்புததுக்குப் பதிலா ஒரே எடத்துல எழுதி வச்சிரலாம்னு தோணிச்சு.

எங்க வீட்டு நிலவரத்தையே உதாரணமா வச்சிக்கிடுதேன். அம்மா பாளையங்கோட்டை பெருமாள்புரத்துல தனியா இருக்காங்க, நாஸ் அங்கதான் இருக்கு. அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் சிங்கப்பூர்ல. நான் சென்னைல, மாசத்துக்கு ஒருக்கா ஊருக்குப் போறவன். 2023 டிசம்பர் வெள்ளத்துல சிந்துபூந்துறைல எங்க பெரியம்மா வீட்டுக்குள்ள தாமிரபரணி தண்ணி ஏறி, பீரோ அடித்தட்டுல இருந்த ஆல்பம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே கட்டியாப் போச்சு. தாத்தாவோட கல்யாண போட்டோவ பிரிச்சு எடுக்கப் பாத்தா மூஞ்சி மட்டும் அடுத்த பக்கத்தோட ஒட்டிக்கிட்டு வந்துட்டு. அதுக்கப்புறம் மிச்சம் இருக்கத எல்லாம் ஸ்கேன் பண்ணி நாஸ்ல ஏத்தி, அக்கா வீட்டுலயும் தெரியிற மாதிரி பண்ணணும்னு இறங்குனோம். மொத்தம் 600 ஜிபி பக்கம் வந்துச்சு.

## எத வச்சு முடிவு பண்ணணும்

முதல்ல, எந்த வீட்டுக்கு உண்மையான பப்ளிக் ஐபி இருக்கு. மத்த எல்லாம் இதுக்கு அப்புறம்தான், அதனால இத மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லுதேன். நம்ம ஊர் ஃபைபர் கனெக்‌ஷன்ல பல கம்பெனி ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஐபி குடுக்கதில்ல, ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னாடி ஏகப்பட்ட வீட்ட அடுக்கி வச்சிருப்பாங்க. சிஜிநாட்னு பேரு. தெருவுக்கே ஒரே ஒரு கதவு நம்பர் குடுத்த மாதிரி, உள்ள இருந்து நீங்க வெளிய போகலாம், வெளிய இருந்து ஒருத்தர் உங்க வீட்டத் தேடி வர முடியாது.

கண்டுபிடிக்கது லேசு. ரவுட்டர் பக்கத்துக்குள்ள போயி WAN ஐபின்னு என்ன போட்டிருக்குன்னு பாருங்க, அப்புறம் அதே வைஃபைல இருந்து "what is my ip"-ன்னு தேடிப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா பப்ளிக் ஐபி. ரவுட்டர்ல 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் ஏதாவது இருந்தா சிஜிநாட். 192.168-ன்னோ 10-ன்னோ ஆரம்பிச்சா, கம்பெனிக்காரன் வச்ச பொட்டிக்குப் பின்னாடி நீங்க ரெண்டாவது ரவுட்டர் போட்டிருக்கீங்களான்னு பாருங்க, அப்படின்னா முதல் பொட்டிக்குள்ள போயி அதோட WAN ஐபியப் பாக்கணும், ரெண்டாவது ரவுட்டரே இல்லன்னா அதுவும் சிஜிநாட் கணக்குதான்.

இதுல எல்லாரும் தப்பாப் புரிஞ்சிக்கிடுத ஒண்ணு இருக்கு. நாஸ் எந்த வீட்டுல இருக்கோ அந்த வீட்டுக்குத்தான் பப்ளிக் ஐபி வேணும்னு நெனச்சு, ஊர்க் கனெக்‌ஷனுக்கு மாசாமாசம் காசு கட்டி ஸ்டேட்டிக் ஐபி வாங்கப் போறாங்க. தேவையே இல்ல. ரெண்டு வீட்டுல ஒண்ணுக்கு இருந்தாப் போதும், அது எந்த வீடானாலும் சரி. ஐபி இல்லாத வீடு இருக்க வீட்டக் கூப்பிட்டு ஒரு பாதையப் போட்டுட்டா அப்புறம் அதே பாதைல ரெண்டு பக்கமும் போக்குவரத்து நடக்கும். எங்க கதைல பாளை வீடு சிஜிநாட்ல இருக்கு, அக்கா வீட்டுக்கு பப்ளிக் ஐபி இருக்கு, அதனால நாஸ் இருக்க பாளை வீடு சிங்கப்பூரக் கூப்பிடுது, சிங்கப்பூர்ல இருந்து நாஸத் தொறக்காங்க.

ரெண்டாவது, நடுவுல யாரு கை வைக்காங்க. ஃபைல் நடுவுல எங்கயாவது பூட்டு தெறந்து மறுபடி பூட்டப்படுதா, இல்ல ஒரு வீட்டுல பூட்டுனது அடுத்த வீட்டுலதான் தெறக்குதா.

மூணாவது, நின்னு போனா யாரு சரி பண்ணுவா. அம்மா போன் பண்ணி "எய்யா, போட்டோ ஒண்ணும் தொறக்க மாட்டேங்கு, என்னன்னு பாரு"ன்னு சொல்லுவாங்க, நான் சென்னைல இருந்து ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் புடிச்சுப் போயி ஒரு பட்டன அமுக்கிட்டு வரணும்னா அந்த வழி நமக்கு ஆகாது.

நாலாவது, வீட்டையே இணைக்கணுமா, ஆளுங்க போன் லேப்டாப்ப மட்டும் இணைச்சாப் போதுமா. அக்கா வீட்டு டிவில நேரா வீடியோ ஓடணும், பிள்ளைங்க டேப்லெட்ல தனியா ஆப் எதுவும் போடாமத் தெரியணும்னா வீட்டுக்கு வீடு இணைப்பு வேணும். இல்லன்னா அது வீண் வேல.

ரவுட்டர்ல போர்ட் தெறந்து நாஸ் லாகின் பக்கத்த நேரா இன்டர்நெட்ல வைக்கத ஒரு வழியாவே நான் எண்ணல. 2022 ஜனவரில டெட்போல்ட்னு ஒரு ரான்சம்வேர் வந்து, அப்படி இன்டர்நெட்ல நேரா தெரியிற மாதிரி வச்சிருந்த க்யூநாப் நாஸ்களத் தேடிப் புடிச்சு ஃபைல எல்லாம் பூட்டிட்டு பிட்காயின் கேட்டுச்சு. குடும்பத்து போட்டோவ அந்த எடத்துல வைக்கக் கூடாது.

## வழி 1: நாஸ் கம்பெனியோட சொந்த ரிலே

சைனாலஜில குவிக்கனெக்ட்னு இருக்கும், மத்த கம்பெனிலயும் இதே மாதிரி ஒண்ணு வேற பேருல இருக்கும். செட்டிங்ல டிக் பண்ணி ஒரு ஐடி வச்சா முடிஞ்சு போச்சு, சிஜிநாட் எல்லாம் ஒரு பொருட்டே இல்ல, ஏன்னா நேரா சேர முடியலன்னா கம்பெனி சர்வர் வழியா சுத்திப் போகும்.

மறைஞ்சிருக்க செலவு வேகம்தான். சிஜிநாட் வீட்டுக்கு பெரும்பாலும் ரிலே வழிதான் வாய்க்கும், அது எல்லாரும் பங்கு போடுத சர்வர். கணக்குப் போட்டுப் பாருங்க, 600 ஜிபி 50 எம்பிபிஎஸ்ல முழு வேகத்துல போனா கிட்டத்தட்ட 27 மணி நேரம், அதே ரிலேல 10 எம்பிபிஎஸ் கெடச்சா அஞ்சரை நாள். இன்னொண்ணு, அந்த ஐடி தெரிஞ்ச யாரும் உங்க லாகின் பக்கத்து வரைக்கும் வந்துரலாம், அதனால ரெண்டாவது பாஸ்கோடு இல்லாம இத ஆன் பண்ணாதீங்க, admin-ங்கிற பேருல இருக்க அக்கவுன்ட்டையும் மூடிருங்க.

எப்போ நல்லது: வருசத்துக்கு நாலு தடவ போட்டோ பாக்குத சித்தப்பாவுக்கு. டெக்னிக்கலா கை வைக்க ஆளே இல்லாத குடும்பத்துக்கு.

## வழி 2: டெய்ல்ஸ்கேல்

நாஸ்ல ஒரு ஆப், ஆளுங்க போன்ல ஒரு ஆப், ஒரு லாகின். ஒவ்வொரு சாதனத்துக்கும் 100-ல ஆரம்பிக்குத ஒரு ஐபி கெடைக்கும், அத வச்சு எங்க இருந்தாலும் நாஸுக்குப் போகலாம். (சிஜிநாட் ஐபியும் 100-லதான் ஆரம்பிக்கும், ரெண்டும் ஒரே வரிசைல இருந்து எடுத்தது, பாத்துட்டு குழம்பிராதீங்க.) உள்ள ஓடுதது வயர்கார்ட்தான், ரெண்டு எடத்துக்கு நடுவுல பூட்டுன பாதை போடுத ஒரு இலவச சாஃப்ட்வேர். சாவி ஒவ்வொரு சாதனத்துலயும் இருக்கும், கம்பெனி சர்வர் யாரு யாரோட சேரணும்னு அறிமுகம் பண்ணி வைக்கும், ஃபைல அது பாக்க முடியாது. ஆனா என்னென்ன சாதனம், எந்த ஐபில இருந்து, எப்போ வந்துச்சுங்கிறது அதுக்குத் தெரியும், இத மனசுல வச்சிக்கிடுங்க.

நேரா சேருதா, ரிலேல சுத்துதான்னு நீங்களே பாக்கலாம்:

```
tailscale status
tailscale ping nas
```

status-ல `direct`-ன்னோ, பிங்ல `via`-க்கு அடுத்து ஒரு ஐபியோ வந்தா நேர் பாதை, `relay`-ன்னோ `DERP`-ன்னோ வந்தா சுத்து. ஒரு பக்கம் சிஜிநாட், இன்னொரு பக்கம் சாதாரண வீட்டு ரவுட்டர்னா பெரும்பாலும் நேராவே புடிச்சிரும். ரெண்டு பக்கமும் கெட்டியான சிஜிநாட்னா ரிலேதான், அப்பவும் பூட்டு ஒடையாது, வேகம் மட்டும் கொறையும்.

இதுல வீட்டு ஐபி வரிசை மோதுத பிரச்சன வராது. நாஸ்லயே ஆப் இருந்தா 100 ஐபி வழியாப் போகும், ரெண்டு வீட்டுலயும் 192.168.1 இருந்தாலும் கவல இல்ல. அடுத்த வழில இது பெரிய தலைவலி.

மறைஞ்சிருக்கது ரெண்டு. ஒண்ணு, சாவிக்குக் காலாவதி உண்டு, நீங்க மாத்தலன்னா 180 நாள். அந்த நாள் வந்ததும் நாஸ் சத்தமில்லாம பிரிஞ்சிரும், நீங்க எதையும் மாத்தல, கரன்ட்டும் போகல, ஆனா தெறக்காது. அட்மின் பக்கத்துல நாஸுக்கு நேரா இருக்க மெனுல Disable key expiry குடுத்துருங்க, நாஸுக்கு மட்டும், போனுக்கு வேண்டாம், ஏன்னா தொலைஞ்சு போற பொருள் போன்தான். ரெண்டாவது, மொத்த வலையும் ஒருத்தர் மெயில் லாகின்ல தொங்கும். அந்த மெயில் போச்சுன்னா சாவிக்கொத்தே போச்சு. அதனால குடும்பத்துல ரெண்டு பேர அட்மினா வைங்க.

சொந்தக்காரங்கள எல்லாம் உங்க வலைக்குள்ள சேக்க வேண்டிய அவசியமும் இல்ல. அவங்க தனியா ஒரு லாகின் போட்டுக்கிடட்டும், நீங்க நாஸ மட்டும் அவங்களுக்கு ஷேர் பண்ணுங்க. அப்போ அவங்களுக்கு உங்க லேப்டாப்போ அம்மா ரவுட்டரோ தெரியாது. இலவசத் திட்டத்துல ஆள் கணக்கு உண்டு, அதுக்கும் இது நல்லது.

எப்போ நல்லது: சத்தியமா சொல்லுதேன், பத்து குடும்பத்துல ஏழு எட்டு குடும்பத்துக்கு இதுவே போதும்.

## வழி 3: நாமளே போடுத வயர்கார்ட், வீட்டுக்கு வீடு

நடுவுல எந்தக் கம்பெனியும் வேண்டாம், டிவி உட்பட அக்கா வீட்டுல இருக்க எல்லாத்துக்கும் நாஸ் தெரியணும்னா இதுதான். வயர்கார்ட் 2020-ல லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே சேந்துட்டு, அதனால ராஸ்பெரி பைங்கிற கையளவு கம்ப்யூட்டர் போதும். பப்ளிக் ஐபி இருக்க வீட்டுல ஒரே ஒரு யுடிபி போர்ட் தெறக்கணும். போர்ட் தெறக்காதீங்கன்னு மேல சொல்லிட்டு இப்போ தெறக்கச் சொல்லுதானேன்னு நெனைப்பீங்க. வித்தியாசம் என்னன்னா சரியான சாவி இல்லாம வர்ற எதுக்கும் வயர்கார்ட் பதிலே சொல்லாது, வெளிய இருந்து ஸ்கேன் பண்ணுதவனுக்கு அங்க ஒண்ணு இருக்குன்னே தெரியாது. நாஸ் லாகின் பக்கம் அப்படியில்ல, வந்தவன் எல்லாருக்கும் முகத்தக் காட்டும்.

கோப்பு தொடுததுக்கு முன்னாடி ஐபி வரிசைய மாத்துங்க. ரெண்டு வீட்டுலயும் 192.168.1 இருந்தா, அக்கா லேப்டாப் 192.168.1.20-ஐத் தேடும்போது அது சிங்கப்பூர் வீட்டுக்குள்ளயே தேடிட்டு இல்லன்னு சொல்லிரும், பாதைக்கே வராது. நாங்க பாளை வீட்ட 192.168.31, சிங்கப்பூர் வீட்ட 192.168.50-ன்னு மாத்துனோம். மாத்துன அன்னைக்கு அம்மா வீட்டு கேமராவும் பிரிண்டரும் பழைய ஐபியத் தேடிக்கிட்டு நின்னு போச்சு, அதுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கிக்கிடுங்க.

பாளை வீட்டு பைல இருக்க கோப்பு இவ்வளவுதான்:

```
[Interface]
PrivateKey = (பாளை சாவி)
Address = 10.77.0.2/24
MTU = 1412

[Peer]
PublicKey = (சிங்கப்பூர் சாவி)
Endpoint = veedu.example.net:51820
AllowedIPs = 10.77.0.0/24, 192.168.50.0/24
PersistentKeepalive = 25
```

`PersistentKeepalive` சிஜிநாட்ல இருக்க வீட்டுப் பக்கம் கண்டிப்பா வேணும். 25 நொடிக்கு ஒருக்கா சின்னதா ஒரு பாக்கெட் போய் பாதைய மூட விடாமப் பாத்துக்கிடும். இது இல்லன்னா நீங்க பாளைல இருந்து தொறக்கும்போது எல்லாம் நல்லா இருக்கும், கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு சிங்கப்பூர்ல இருந்து தொறந்தா செத்துக் கெடக்கும்.

சிங்கப்பூர் பக்கம் பாளைக்கு எழுதுத `AllowedIPs`-ல வீடு முழுக்கக் குடுக்காம நாஸ மட்டும் குடுங்க:

```
AllowedIPs = 10.77.0.2/32, 192.168.31.20/32
```

அக்கா வீட்டுக்கு விருந்தாளி வந்து வைஃபை வாங்குனா அவங்க போன்ல இருந்து அம்மா வீட்டு கேமரா வரைக்கும் போகக் கூடாதுல்ல, அதுக்கு. அதோட சிங்கப்பூர் ரவுட்டர்ல, 192.168.31.20-க்குப் போகணும்னா அங்க இருக்க பை வழியாப் போன்னு ஒரு ஸ்டேட்டிக் ரூட் எழுதணும்.

அடுத்தது நாங்க ரெண்டு நாள் முட்டி நின்ன எடம். சிங்கப்பூர்ல இருந்து 10.77.0.2-க்கு பிங் போகுது, `wg show`-ல ஹேண்ட்ஷேக் நல்லா இருக்கு, ஆனா நாஸுக்கு மட்டும் போகல. காரணம், கேள்வி பை வழியா நாஸுக்குப் போயிருது, ஆனா நாஸ் பதில பைகிட்ட குடுக்காம வீட்டு ரவுட்டர்கிட்ட குடுக்குது, அந்த ரவுட்டருக்கு 192.168.50 எங்க இருக்குன்னு தெரியாது, தூக்கி வெளிய எறிஞ்சிருது. முறையான வைத்தியம் பாளை ரவுட்டர்லயும் ரூட் எழுதுறது, ஆனா கம்பெனிக்காரன் குடுத்த பொட்டில அந்த மெனுவே மூடி வச்சிருந்துச்சு, போன் பண்ணிக் கேட்டாலும் தெறந்து தரல. அதனால பாளை பைலயே இப்படிப் போட்டோம், இதுல முதல் வரி சிங்கப்பூர் பைலயும் வேணும்:

```
sysctl -w net.ipv4.ip_forward=1
iptables -t nat -A POSTROUTING -d 192.168.31.20 -o eth0 -j MASQUERADE
```

இப்போ நாஸுக்கு எல்லாரும் பையாத்தான் தெரிவாங்க, பதிலும் பைக்கே வரும். ரெண்டு வரியும் ரீபூட்ல போயிரும், நிலைச்சு நிக்க மாதிரி எழுதி வைங்க. இதுக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. தப்பு பாஸ்வேர்ட் நாலஞ்சு தடவ அடிச்சா அந்த ஐபிய நாஸ் தானா பிளாக் பண்ணும்ல, அக்கா பையன் ஒருநாள் தப்பாவே அடிச்சதுல மொத்த சிங்கப்பூர் வீடும் வெளிய நின்னுச்சு. பையோட ஐபிய அந்த பிளாக் லிஸ்ட்ல இருந்து விலக்கி வைங்க, அதுக்குப் பதிலா ஒவ்வொருத்தருக்கும் தனி அக்கவுன்ட், நல்ல பாஸ்வேர்ட்.

இன்னும் ரெண்டு கோளாறு எப்படித் தெரியும்னு சொல்லிருதேன். சின்ன ஃபைல் தொறக்குது, பெருசு பாதில தொங்குதுன்னா எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் அதிகபட்சம் எவ்வளவு பெருசா போகலாம்ங்கிற அளவு. வயர்கார்ட் சாதாரணமா 1420 எடுத்துக்கிடும், நம்ம ஊர் ஃபைபர் பிபிபிஓஈ-ல, அதாவது ரவுட்டர் யூசர்நேம் பாஸ்வேர்ட் குடுத்து சேருத முறைல வந்தா லைனே 1492-தான், அதுல 80 கழிச்சு 1412 போடணும். சோதிக்க:

```
ping -M do -s 1384 10.77.0.1
```

1384-ஓட ஹெடர் 28 சேந்தா 1412. பதில் வந்தா சரி, வரலன்னா எண்ணக் கொறச்சுப் பாத்து, எது போகுதோ அதுக்கு ஏத்த மாதிரி எம்டியு வைங்க.

அடுத்தது, நல்லா ஓடிக்கிட்டிருந்தது ஒருநாள் காலைல நின்னு போகும், `wg show`-ல `latest handshake` மூணு நிமிசத்துக்கு மேல காட்டும், ரெண்டு பக்கமும் இன்டர்நெட் நல்லா இருக்கும். அது சிங்கப்பூர் ஐபி மாறிப் போச்சு. மாறுத ஐபிக்கு மாறாத பேரு குடுக்குத டைனமிக் டிஎன்எஸ் வச்சிருந்தாலும் இது நடக்கும், ஏன்னா வயர்கார்ட் அந்தப் பேர ஆரம்பிக்கும்போது ஒருக்காதான் ஐபியா மாத்திப் பாக்கும், அப்புறம் திரும்பிப் பாக்காது. இதுக்குன்னே `reresolve-dns.sh`-னு ஒரு ஸ்கிரிப்ட் வயர்கார்ட் டூல்ஸ் கூடவே வருது, அத ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா ஓட வைங்க. இது இல்லாம ஆள் இல்லாத வீட்டுல வயர்கார்ட் வைக்காதீங்க.

ரவுட்டர்லயே வயர்கார்ட் இருக்கு, பை எதுக்குன்னு கேப்பீங்க. பல ரவுட்டர்ல போன் வச்சு வீட்டுக்குள்ள வர்றதுக்கு மட்டும்தான் எடம் விட்டிருப்பாங்க, அடுத்த வீட்டு ஐபி வரிசைய எழுதுத கட்டமே இருக்காது. அக்கா வீட்டு ரவுட்டர் அப்படித்தான், அதனால அங்கயும் ஒரு பை வாங்க வேண்டியதாப் போச்சு.

எப்போ நல்லது: ஒரு வீட்டுக்காவது பப்ளிக் ஐபி இருந்து, வீடு முழுக்கத் தெரியணும்னு தேவ இருந்து, குடும்பத்துல ஒருத்தருக்கு இதுல பொறுமையும் இருந்தா.

## வழி 4: வாடக சர்வர நடுவுல வைக்கது

ரெண்டு வீடுமே சிஜிநாட்ல இருந்தா, மாசம் அஞ்சு டாலர் மாதிரி ஒரு சின்ன விபிஎஸ் எடுத்து, ரெண்டு வீடும் அதக் கூப்பிடுத மாதிரி வயர்கார்ட் போடலாம். சென்னை, பெங்களூர், சிங்கப்பூர்னு பக்கத்துல இருக்க சர்வரா எடுங்க, அமெரிக்கால எடுத்தா பாளைல இருந்து சிங்கப்பூர் போற போட்டோ அமெரிக்காவச் சுத்தி வரும்.

பலபேரு கவனிக்காத விசயம் ஒண்ணு. இப்படி நட்சத்திரம் மாதிரி போட்டா பூட்டு நடு சர்வர்ல தெறந்து மறுபடி பூட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் சர்வருக்கும் நடுவுலதான் வயர்கார்ட் சாவி, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல இல்ல. அந்த சர்வருக்குள்ள வேற யாராவது நொழைஞ்சா ஃபைல் அவங்க கண்ணு முன்னாடி போகும். டெய்ல்ஸ்கேல் ரிலேல இப்படி ஆகாது, அதனால "சொந்த சர்வர்னா பத்திரம்"னு நெனச்சு வந்தவங்க நெசத்துல ஒரு படி கீழ எறங்கிருதாங்க. இந்த வழிதான்னு முடிவு பண்ணிட்டா நாஸ்ல ஃபோல்டரப் பகிருத எஸ்எம்பி முறைக்கு என்கிரிப்ஷன கட்டாயம் ஆக்குங்க, வெப் பக்கத்துக்கு எச்டிடிபிஎஸ் வைங்க. சர்வருக்கு அப்டேட் போடுத வேலையும் மாசாமாசம் உங்க தலையிலதான்.

எப்போ நல்லது: ரெண்டு பக்கமும் சிஜிநாட், டெய்ல்ஸ்கேல் ரிலே வேகம் பத்தல, சர்வர் பாத்துக்கிட ஆள் இருக்கு. மூணும் சேந்து இருக்க குடும்பம் கொஞ்சம்தான்.

## ஒரே பார்வைல

| | நாஸ் ரிலே | டெய்ல்ஸ்கேல் | வயர்கார்ட் நேர் | வாடக சர்வர் |
|---|---|---|---|---|
| ரெண்டு வீடும் சிஜிநாட்னா | ஓடும் | ஓடும், ரிலேல | ஓடாது | ஓடும் |
| பூட்டு நடுவுல தெறக்குமா | கம்பெனிய நம்பணும் | தெறக்காது | தெறக்காது | சர்வர்ல தெறக்கும் |
| டிவி, டேப்லெட்ல நாஸ் ஐபி குடுத்தாத் தெரியுமா | தெரியாது | தனியா செட் பண்ணணும் | தெரியும் | தெரியும் |
| கைச்செலவு | இல்ல | பெரும்பாலும் இல்ல | ஒண்ணு ரெண்டு பை | மாச வாடக, பை |
| திடீர்னு நிக்கக் காரணம் | கம்பெனி சர்வர் | சாவி காலாவதி, மெயில் லாகின் | ஐபி மாறுது | சர்வர் அப்டேட், வாடக பாக்கி |

## எந்த வழியா இருந்தாலும் மாறாதது

அக்கா முதல் நாளே சொன்ன புகார், "ஃபோல்டர் தொறக்கவே விடிஞ்சிருது". இது பேண்ட்வித் இல்ல, தூரம். எங்க லைன்ல பாளைக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு பாக்கெட் போய்ட்டு வர 60 மில்லிசெகண்ட் பக்கம் ஆகுது. எஸ்எம்பில ஒரு ஃபோல்டர்ல 3000 போட்டோ இருந்து, சின்னப் படம் காட்ட ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு தடவ போய்ட்டு வந்தாக்கூட மூணு நிமிசம். லைன 300 எம்பிபிஎஸ் ஆக்குனாலும் இது கொறையாது. போட்டோவுக்கு நாஸோட போட்டோ ஆப்ப வைங்க, அது சின்னப் படத்த முன்னாடியே செஞ்சு மொத்தமா அனுப்பும். ஃபோல்டர வருசம் மாசம்னு பிரிச்சு வச்சாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

முதல் 600 ஜிபிய லைன்ல அனுப்பாதீங்க. அத்தான் கொடைக்கு வந்தப்போ ஒரு யுஎஸ்பி டிஸ்க்ல காப்பி போட்டுக் குடுத்து விட்டோம். அந்த டிஸ்க் இப்போ சிங்கப்பூர் பைல மாட்டியிருக்கு, ராத்திரி ராத்திரி புதுசா வந்தது மட்டும் அதுக்குப் போகுது. ரெண்டு வீட்ட இணைச்சது பேக்கப் ஆகாது, எல்லாரும் ஒரே டிஸ்கத்தான் பாத்துக்கிட்டிருக்கோம், அதுல ஒருத்தர் அழிச்சா எல்லாருக்கும் போச்சு. நாஸ்ல ஸ்னாப்ஷாட் இருந்தா ஆன் பண்ணி வைங்க.

சொந்தக்காரங்க துபாய் பக்கம் இருந்தா அங்க சட்டம் வேற. அமீரகத்துல 2021 சைபர் சட்டப்படி ஐபிய மறைச்சு குற்றம் செஞ்சா அபராதம் அஞ்சு லட்சம் திர்ஹாம்ல ஆரம்பிக்குது. குடும்பத்து போட்டோ பாக்கது குற்றம் இல்ல, ஆனா அந்த டன்னல் வழியா மத்த இன்டர்நெட்டும் போற மாதிரி வைக்காதீங்க, `AllowedIPs`-ல நாஸ் ஐபி மட்டும் இருக்கட்டும்.

## நாங்க எதுல நிக்கோம்

வயர்கார்ட் வீட்டுக்கு வீடு ஓடுது, அதே பாளை பைல டெய்ல்ஸ்கேலும் போட்டு வச்சிருக்கேன். வயர்கார்ட் கோப்புல நான் ஒரு எழுத்து தப்பா மாத்தி பாதை அறுந்துட்டா, சென்னைல இருந்து டெய்ல்ஸ்கேல் வழியா பைக்குள்ள போயி சரி பண்ணிக்கிடுதேன். ஒரு வழிய மட்டும் வச்சிருந்தப்போ ரெண்டு தடவ இதுக்காகவே ஊருக்குப் போக வேண்டி வந்துச்சு.

ஈபி ஷட்டவுன் நாள்ல காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் கரன்ட் இருக்காது, சின்ன யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. அதனால நாஸ் யுபிஎஸ்ஸோட யுஎஸ்பில பேசி தானா ஒழுங்கா அணைஞ்சிரும், கரன்ட் வந்ததும் தானா எழும்பணும்னு நாஸ் செட்டிங்ல போட்டிருக்கேன். ஃபைபர் பொட்டியும் பையும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கு. நாஸ் மாடி ரூம்ல, சன்னலுக்குத் தள்ளி, செவுத்துல அடிச்ச ஷெல்ஃப்ல இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே அம்மாவுக்குன்னு ஒரு அட்ட ஒட்டியிருக்கேன், எந்த லைட் பச்சையா இருக்கணும், எந்த ஸ்விட்ச்ச அணைச்சு பத்து எண்ணிட்டுப் போடணும்னு. போன வாரம் அக்கா போன் பண்ணி தெறக்கலன்னு சொல்லியிருக்கா, அம்மா மாடிக்கு ஏறி அட்டையப் பாத்து ரெண்டாவது ஸ்விட்ச்ச அணைச்சுப் போட்டுட்டு வந்திருக்காங்க, எனக்கு அது சாயங்காலம்தான் தெரியும்.